மிசின் ஒப்புக்கொண்ட பணம் ஏன் திரும்பிப் போனது?

இலண்டனில் சொந்தமாக டாக்சி ஓட்டும் சிலருக்கு வருடாந்த வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். பெப்ரவரி இறுதியில் அவர்களில் ஒருவர், ஹரோவில் வசிக்கும் ஓர் அண்ணை, வங்கிக் கணக்கின் இரண்டு பக்கங்களை மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். 20ஆம் தேதி அவர் காட் மிசினில் 64 பவுணுக்கு ஓடியிருந்தும் வங்கிக்கு எதுவும் வந்து சேரவில்லை. மறுநாள் 150 பவுணுக்கு ஓடியதற்கு 77.25 பவுண் மட்டுமே வந்திருந்தது. மிசின் கொடுத்த நிறுவனம் தன் பணத்தை விழுங்கிவிட்டது என்பது அவருடைய முடிவு.

வங்கிக் கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. மிசின் நிறுவனம் ஒவ்வொரு நாளும் வரவிலிருந்து தனக்குரியதைக் கழித்துக்கொண்டு மீதியை ஒரே தொகையாக அனுப்புவதால், எது கழிக்கப்பட்டது என்பது அந்த நிறுவனத்தின் மாதாந்த ஸ்டேட்மென்டில்தான் இருக்கும். அண்ணை அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவருடைய தொலைபேசியிலேயே அதைத் திறந்தோம். 20ஆம் தேதிக்கு எதிரே, அன்றைய ஓட்டங்களுக்குக் கீழே, மூலக் கொடுப்பனவின் தேதி 9 ஜனவரி என்ற குறிப்புடன் இரண்டு வரிகள் இருந்தன.

```
Dispute  10.4   -118.00
Dispute fee      -15.00
```

தேதியைக் கண்டதும் அவருக்கு ஆள் நினைவுக்கு வந்துவிட்டது. அன்று கட்விக் விமான நிலையத்திலிருந்து 118 பவுணுக்கு ஓர் ஓட்டம். அந்த வாரத்தில் வேறொரு பயணி, சுற்றுப் பாதையால் கொண்டுபோனதாகச் சொல்லி அவருடன் வாய்த்தர்க்கப்பட்டிருந்ததால், Dispute என்ற சொல்லை மட்டும் கண்டபோது அது அந்த ஆளின் வேலை என்றே நினைத்திருந்தார். ஆனால் கட்விக் பயணி மிகவும் மரியாதையானவர். காட்டின் சிப் பழுதாகிவிட்டது என்று வருத்தப்பட்டு, எண்களைத் தாமே ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னவர்.

"தம்பி, நான் நம்பரை அடிச்சவுடன மிசின் APPROVED எண்டுதானே காட்டினது. ஒப்புக்கொண்ட காசை ஆறு கிழமைக்குப் பிறகு எப்பிடித் திருப்பி எடுப்பாங்கள்?"

இந்தக் கேள்வியைப் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் தருகிற நம்பிக்கை அப்படிப்பட்டது. அந்தக் கணத்தில் வங்கி சொல்வது ஒன்றுதான்: இப்படியொரு காட் உண்டு, அது தடைசெய்யப்படவில்லை, இந்தத் தொகைக்கு அதில் இடம் இருக்கிறது. காட்டை நீட்டியவர் அதன் சொந்தக்காரர்தானா என்பது அந்தப் பதிலில் அடங்காது. சொந்தக்காரர் பின்னர் தன் கணக்கைப் பார்த்து "இது நான் செய்த செலவு அல்ல" என்று முறையிட்டால், இழப்பு வங்கிக்கா ஓட்டுநருக்கா என்பதைப் பணம் எந்த வழியில் எடுக்கப்பட்டது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

விசா நிறுவனம் இத்தகைய மறுப்புகளை நான்கு தொகுதிகளாகப் பிரித்திருக்கிறது: 10இல் தொடங்குவது மோசடி, 11 வங்கி ஒப்புதல் தொடர்பானது, 12 இரண்டு முறை எடுத்தது போன்ற கணக்குப் பிழைகள், 13 சேவை பற்றிய முறைப்பாடு. பாதையைப் பற்றிச் சண்டை பிடித்தவர் முறையிட்டிருந்தால் 13இல் தொடங்கும் எண் வந்திருக்கும். 10.4 என்பது காட் நேரில் இல்லாமல் நடந்த மோசடி. (மாஸ்டர்காட்டின் எண்கள் வேறு. அதே அட்டவணையை அங்கே தேடக்கூடாது.)

"நேரில் இல்லாமலோ? ஆள் எனக்குப் பின்னால இருந்தவர், காட் கையில இருந்தது!" என்றார் அண்ணை. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் மிசினுக்குக் கண் இல்லை. சிப்பைப் படித்தால், அந்தக் காட் அங்கே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. எண்களைக் கையால் அடிக்கும்போது, எங்கோ இருந்து தொலைபேசியில் யாரோ சொன்ன எண்ணுக்கும் காருக்குள் வாசிக்கப்பட்ட எண்ணுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. காரின் கையுறைப் பெட்டிக்குள் கிடந்த பற்றுச்சீட்டுகளில் அன்றையதைத் தேடி எடுத்தோம். மற்றவற்றில் CHIP அல்லது CONTACTLESS என்று இருந்த இடத்தில், அந்த ஒன்றில் மட்டும் KEYED என்று மங்கலாக அச்சாகியிருந்தது.

இன்னுமொரு தடயம் ஜனவரி ஸ்டேட்மென்டிலேயே இருந்தது. அவருடைய ஒப்பந்தப்படி சாதாரண ஓட்டங்களுக்கு 1.75 சதவீதமும், கையால் அடித்த எண்ணுக்கு 2.5 சதவீதமும் கழிவு. 118 பவுணுக்கு 2.07 போயிருக்க வேண்டிய இடத்தில் 2.95 போயிருந்தது. கூடுதலான அந்த 88 பென்சைப் பார்த்திருந்தால், ஆபத்தான வகையில் ஒரு கொடுப்பனவு எடுக்கப்பட்டிருப்பது அன்றே தெரிந்திருக்கும். முதலில் அவருக்குக் கிடைத்தது 115.05. பின்னர் பறிபோனது 133; 20ஆம் தேதி வரவு அதற்குப் போதாததால் மீதியை மறுநாள் வரவிலிருந்து எடுத்திருந்தார்கள். ஆக, கட்விக்கிலிருந்து ஓர் அந்நியரை இலவசமாக ஏற்றி வந்ததோடு, எரிபொருளும் விமான நிலையத் தரிப்பிடக் கட்டணமும் சேர்க்காமலே கையிலிருந்து 17.95 பவுண் கொடுத்திருக்கிறார்.

எதிர்த்து வாதாடலாமா என்றால், ஆதாரம் அனுப்ப மிசின் நிறுவனம் தவணை கொடுத்துத்தான் இருந்தது. அந்த மின்னஞ்சல் அவர் கைவிட்ட ஒரு பழைய முகவரிக்குப் போய், தவணையும் முடிந்துவிட்டது. தவணைக்குள் பார்த்திருந்தாலும் வென்றிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் இருந்தவை முன்பதிவு அழைப்பின் பதிவும் பயணி அனுப்பிய இரண்டு குறுஞ்செய்திகளும் மட்டுமே. அவை ஒருவர் பயணம் செய்தார் என்று காட்டுமே தவிர, காட்டின் சொந்தக்காரர்தான் பயணம் செய்தார் என்று காட்டா. காட்டின் பின்புறத்து மூன்று இலக்கங்கள் சரியாக இருந்தனவே என்றார். காட்டைத் திருடியவரிடம் அந்த மூன்று இலக்கங்களும் சேர்ந்தே போயிருக்கும். தபால் குறியீட்டை மிசின் கேட்டபோது, பயணி களைத்திருந்ததால் அதைத் தாண்டிச் செல்லும் பொத்தானை அழுத்தியதாகவும் சொன்னார்.

சிப் பழுதான காட்டுகள் உண்மையிலேயே உண்டு. அவற்றை வைத்திருக்கும் எல்லோரையும் கள்வராக நினைக்க வேண்டியதில்லை. காட்டை மிசினுக்குள் செருகி இரகசிய எண்ணை அடிக்கச் சொல்வது முதல் வழி. அப்படிச் செய்த கொடுப்பனவுக்கு 10.4 வராது. அது முடியாவிட்டால், பயணி தன் தொலைபேசியில் முகத்தையோ விரலையோ காட்டித் திறக்கும் கொடுப்பனவு இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் மிசின் நிறுவனத்தின் செயலியிலிருந்து கொடுப்பனவு இணைப்பை அனுப்பி, பயணி தன் வங்கிச் செயலியில் உறுதிசெய்யும் வரை காத்திருக்கலாம். அந்த உறுதிப்படுத்தல் நிறைவேறினால், "நான் அல்ல" என்ற முறையீட்டின் சுமை பொதுவாகக் காட் வழங்கிய வங்கியின் பக்கம் போய்விடும். எல்லாம் தோற்றால், வழியில் ஒரு பண இயந்திரத்தில் நிறுத்தலாம்.

அன்றே அவர் நிறுவனத்துக்கு அழைத்து, கையால் எண் அடிக்கும் வசதியை மிசினில் நிறுத்தச் சொன்னார். தொடர்பு மின்னஞ்சலையும் மாற்றினார். மார்ச் நடுவில் மறுபடி அழைத்தார். சிப் பழுதான ஒருவருக்கு இணைப்பு அனுப்பி 96 பவுண் வாங்கியிருந்தார். ஸ்டேட்மென்டை இம்முறை தாமே திறந்து பார்த்திருக்கிறார்.

"தம்பி, இதுக்கும் 2.40 வெட்டியிருக்கிறாங்கள். பிறகும் அதே பிரச்சினையோ?"

கழிவு ஒன்றுதான் என்றும், அதுவும் காட்டை நேரில் பார்க்காத கொடுப்பனவாகவே கணக்கில் ஏறும் என்றும், பயணி தன் வங்கிச் செயலியில் அழுத்திய அந்த ஓர் உறுதிப்படுத்தல்தான் ஜனவரி ஓட்டத்தில் இல்லாமல் போனது என்றும் சொன்னேன்.