கல்யாணக் கேசட்டில் கேட்ட பாட்டு

பழைய கேசட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். திருநெல்வேலியில் சின்னக் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் மாற்றிக் கொடுத்ததும் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்: "அண்ணாச்சி, இதுல பின்னாடி ஒரு பாட்டு ஓடுதே, அது என்ன பாட்டு? செயலியில வச்சுப் பார்த்துட்டேன், கிடைக்கல."

ஓடுகிற பாட்டைக் கேட்டு அது எந்தப் பாட்டு என்று சொல்லும் செயலி "கிடைக்கவில்லை" என்று சொன்னால், அப்படி ஒரு பாட்டே பதிவில் இல்லை என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். அந்த ஒரு பதிலுக்குள் மூன்று நான்கு வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கும். எது என்று பிரித்துப் பார்க்காமல் தேடினால் நாள்கணக்கில் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். அண்மையில் முடித்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன்.

ஒரு பெண் தன் பெற்றோரின் 1986 கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்தார். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது, அன்றைக்கு மைக் செட்டில் ஓடிய ஒரு பாட்டை அன்றும் போட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. கேசட்டில் தாலி கட்டும் சத்தம், மேளம், "பந்திக்கு வாங்க" என்கிற குரல், எல்லாவற்றுக்கும் பின்னால் தூரத்தில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. செயலி எதையும் கண்டுபிடிக்கவில்லை. பேச்சுச் சத்தம்தான் தடை என்று நினைத்து, யாரிடமோ கொடுத்து இரைச்சலைச் சுத்தம் செய்து வேறு வைத்திருந்தார்.

முதல் தவறு அங்கேதான். ஷசாம் போன்ற செயலிகளுக்குப் பேச்சுச் சத்தம் அவ்வளவு பெரிய எதிரி இல்லை. ஷசாமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஏவரி வாங் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் அது வேலை செய்யும் விதத்தை விளக்கியிருக்கிறார். பாட்டின் ஒலியில் ஒவ்வொரு கணத்திலும் மற்றவற்றைவிட எழும்பி நிற்கும் அதிர்வெண்களை மட்டும் புள்ளிகளாக எடுத்துக்கொள்ளும். வானத்து நட்சத்திரங்கள் மாதிரி. பிறகு இரண்டிரண்டு புள்ளிகளாகச் சேர்த்து, அவற்றின் அதிர்வெண்கள் என்ன, நடுவில் எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டு, தன்னிடம் உள்ள பதிவுகளோடு ஒப்பிடும். நடுவில் யாராவது பேசினால் சில புள்ளிகள் மறையும், சில புதிதாக முளைக்கும். மீதிப் புள்ளிகள் பொருந்தினாலே போதும். ஆனால் இரைச்சல் நீக்கியைக் கனமாகப் போட்டால் பாட்டின் புள்ளிகளும் சேர்ந்து அழிந்துபோகும். அதனால் சுத்தம் செய்த கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, கேசட்டிலிருந்து நேராகப் புதிதாக எடுத்தேன்.

இந்தப் புள்ளி முறையால் தாங்க முடியாத விஷயம் வேகம். கேசட் ஐந்து சதவீதம் வேகமாக ஓடினால் எல்லாப் புள்ளிகளும் மேலே ஏறும், இடைவெளிகளும் சுருங்கும். நம் காதுக்கு அதே பாட்டுத்தான். ஏறக்குறைய அரைச் சுருதி கூடியிருக்கும், அவ்வளவே. செயலிக்கோ அது வேறு வானம். பதிவு செய்த டேப் ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருந்தால், அந்தக் கேசட்டை இன்று சரியான டெக்கில் போட்டாலும் வேகமாகத்தான் கேட்கும். அந்த அம்மாவே ஒரு வார்த்தை சொன்னார்: "எங்க மாமனார் குரல் இப்படிக் கீச்சுன்னு இருக்காதுய்யா." இந்த மாதிரி ஒரு பேச்சு எனக்குப் பெரிய துப்பு.

சரி, எவ்வளவு வேகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மைக் செட் ஆம்பிளிபையரின் 'உம்ம்' என்ற இரைச்சல் கேசட்டில் பதிவாகியிருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த உறுமல் 50இலும் 100இலும் இருக்க வேண்டும். ஒலிக் கோப்புகளைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் Plot Spectrum போட்டுப் பார்த்தேன். 100இல் ஒரு கோடு, 104இல் இன்னொரு கோடு. கேசட்டை நிறுத்திவிட்டு வெறும் டெக்கை மட்டும் பதிவு செய்து பார்த்தால் 100 மட்டும் நின்றது. ஆக 100 என் கடையின் மின்சாரம், 104 அந்தக் கல்யாண வீட்டு மின்சாரம். நாலு சதவீதம் வேகம்.

இந்த இடத்தில் பல பேர் கணக்கை முடித்துவிடுவார்கள். நான் முடிப்பதில்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் நம் மின்தொகுப்பு 50இல் கச்சிதமாக நின்றதில்லை. 49க்குக் கீழேயும் இறங்கும். உறுமல் ஒரு உத்தேசம் மட்டுமே. இதைவிட நம்பகமானது, அதே கேசட்டில் நமக்குத் தெரிந்த வேறொரு பாட்டு. நல்லவேளையாக, தேடும் பாட்டுக்கு முன்னால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டு ஓடியிருந்தது. பல்லவியின் முதல் தாளத் தட்டிலிருந்து சரணத்தின் முதல் தட்டு வரை, வெளியான பதிவில் 60 விநாடி. கேசட்டில் 57. உறுமல் சொன்னதைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். அது மின்சாரத்தால் வந்ததா, ரெக்கார்டு பிளேயர் சற்று வேகமாகச் சுற்றியதால் வந்ததா என்பது நமக்கு வேண்டாம். இரண்டு பாட்டும் அடுத்தடுத்து அதே கருவியில் ஓடியவை. 57ஐ 60ஆல் வகுத்தால் 0.95. Change Speed and Pitch என்ற இடத்தில் அந்த எண்ணைக் கொடுத்தேன். Change Tempo, Change Pitch என்று தனித்தனியாக இருப்பவை இதற்கு உதவா. கேசட்டில் வேகமும் சுருதியும் சேர்ந்துதான் கெடுகின்றன.

திருத்துவதற்கு முன் செயலிக்கு அந்தச் சினிமாப் பாட்டுகூடத் தெரியவில்லை. திருத்திய பின் சில விநாடிகளில் சொல்லிவிட்டது. ஆனால் அம்மா கேட்ட பாட்டுக்கு இப்போதும் "கிடைக்கவில்லை"தான். அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றம். எனக்கு அப்படி இல்லை. இதே கேசட், இதே வேகம், இதே இரைச்சல். ஒரு பாட்டு பிடிபடுகிறது, மற்றது பிடிபடவில்லை. அப்படியானால் கோளாறு கேசட்டில் இல்லை. அந்தப் பதிவு செயலியின் கிடங்கிலேயே இல்லை என்று இப்போதுதான் ஓரளவு துணிந்து சொல்லலாம்.

அடுத்து முணுமுணுப்பு. கூகுள் 2020இல் கொண்டுவந்த வசதியில் 10 முதல் 15 விநாடி முனகினால் போதும். இது மேலே சொன்ன புள்ளிக் கணக்கு இல்லை. மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்ற வடிவத்தைப் பார்க்கிறது. எந்தச் சுருதியில் பாடினாலும் பரவாயில்லை. அம்மாவை "லல்லலா"வில் பாடச் சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது சரணம் மட்டும். மூன்று சினிமாப் பாட்டுகளைக் காட்டியது, எதன் பொருத்தமும் ஐம்பது சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மூன்றும் தப்பு. அந்தச் சதவீதம் கிடங்கில் இருப்பவற்றுள் எது கிட்டத்தில் இருக்கிறது என்பதற்கான அளவு. பாட்டே கிடங்கில் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று கிட்டத்தில் இருந்துதானே தீரும்!

இதற்குள் மகள் குடும்ப வாட்ஸாப் குழுவில் கேட்டிருந்தார். ஆளுக்கொரு பாட்டு அனுப்பியிருந்தார்கள். இது கெடுதல். நாலு பாட்டைக் கேட்ட பிறகு அம்மாவின் நினைவில் எது பழையது, எது இப்போது ஏறியது என்று பிரிக்க முடியாது. யாரிடமும் கேட்பதற்கு முன் நினைவிருக்கும் வரியை, தப்பாக இருந்தாலும் அப்படியே, ஒரு தாளில் எழுதச் சொல்வேன். நல்லவேளை, அம்மா முன்பே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்:

"கண்ணா நீ
சந்தையில் வந்தாயோ"

சந்தைக்கு வரும் கண்ணன். அதனால் கிராமியப் படம் ஏதோ ஒன்றின் காதல் பாட்டு என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சினிமாப் பாட்டுப் பட்டியல்களில் தேடியும் இருக்கிறார்கள். பட்டியல்கள் பெரும்பாலும் பல்லவியின் முதல் வரியை வைத்து அடுக்கப்பட்டவை. சரண வரியை வைத்துக்கொண்டு அதில் தேடினால் சரியான பாட்டே அங்கே இருந்தாலும் கண்ணில் படாது.

திருத்திய கோப்பை அரை வேகத்தில் பலமுறை கேட்டேன். குழாய் ஸ்பீக்கர் கீழ் ஒலியைத் தின்றுவிட்டது, நாற்பது வருடக் கேசட் மேல் ஒலியைத் தின்றுவிட்டது. மிச்சத்தில் உயிரெழுத்துகள் எல்லாம் ஒன்றுபோலக் கேட்டன. காது கைவிட்ட இடத்தில் எதுகை கைகொடுத்தது. இரண்டாம் வரியில் 'ந்தை', 'ந்தா' என்று வருகிறது. அப்படி எழுதுகிற பாடலாசிரியர் முதல் வரியைக் 'கண்ணா' என்று தொடங்குவாரா? 'கந்தா' என்று போட்டுப் பார்த்தால் ஓசை ஒட்டுகிறது. கந்தன் என்றால் சந்தைக்கு வேலை இல்லை, அது சிந்தை. கந்தா நீ சிந்தையில் வந்தாயோ. மறுபடி கேட்டபோது அப்படித்தான் கேட்டது. (ஒன்றை எதிர்பார்த்துக் கேட்டால் அதுவே காதில் விழும் என்பதையும் மறக்கவில்லை. அதனால் இதை விடையாக எடுத்துக்கொள்ளாமல் தேடுசொல்லாகத்தான் எடுத்துக்கொண்டேன்.)

காதல் பாட்டு முருகன் பாட்டானதும் தேடும் இடமே மாறியது. படத்தில் வராத தனிப் பக்திப் பாட்டுகள் எத்தனையோ சின்ன இசைத்தட்டுகளாக வந்து, கேசட்டாகவோ குறுந்தகடாகவோ மறுபடி வராமலே நின்றுவிட்டன. செயலியின் கிடங்கில் இல்லாததற்கும் இது பொருந்துகிறது. தமிழில் தேடியபோது ஒன்றும் வரவில்லை. சேகரிப்பாளர்கள் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் போடுவார்கள், அதுவும் ஆளுக்கொரு விதமாக. sindhaiyil, sinthaiyil என்று போட்டுப் பார்த்தேன். chinthaiyil vandhayo murugan என்று போட்டபோது யூடியூபில் ஒரே ஒரு பதிவு வந்தது. யாரோ ஒரு சேகரிப்பாளர் இசைத்தட்டை ஓடவிட்டு ஏற்றியது.

வரி பொருந்தினால் பாட்டு அதுதான், ஆனால் பதிவும் அதுதானா என்பது தனிக் கேள்வி. பக்திப் பாட்டை வேறொருவர் அதே மெட்டில் பாடியிருக்கலாம். இரண்டு கோப்பையும் ஆடாசிட்டியில் மேலும் கீழுமாக வைத்து, பல்லவி தொடங்கும் தட்டைச் சேர்த்துவிட்டு ஓட்டினேன். பாடகர் மூச்சு வாங்கும் இடங்களும், இடையிசையில் புல்லாங்குழல் முடிந்து வயலின் நுழையும் இடமும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. சரணத்தின் மூன்றாவது வரியில் மட்டும் கேசட் திடீரென்று ஏறக்குறைய இரண்டு விநாடி முந்திக்கொண்டது. அன்றைய ரெக்கார்டில் கீறல் இருந்திருக்கிறது, ஊசி தாவியிருக்கிறது.

அம்மா முனகிய பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவரும் அதே இடத்தில், அதே இரண்டு விநாடியைத் தாவித்தான் பாடியிருந்தார்.