விபத்து நடந்த 48 மணி நேரத்தில் ஒன்று, 90 நாளில் ஒன்று: எந்த அறிக்கையில் எதை எழுதுவது?

சாலை விபத்தில் ஒருவர் அடிபட்டாலோ இறந்தாலோ போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடுவது எல்லோருக்கும் தெரியும். அதோடு நஷ்டஈட்டுக்கென்று போலீஸ் தனியாக அறிக்கைகள் அனுப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 பிப்ரவரியில் கொண்டுவந்த திருத்தம் அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை (படிவம் 1) விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை (படிவம் 5), 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை (படிவம் 7). சென்னையில் இவற்றைத் தயாரிப்பது போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் இங்கே தீர்ப்பாயமாகச் செயல்படுகிறது.

எஃப்.ஐ.ஆர். என்பது குற்ற வழக்கின் தொடக்கம். முதல் விபத்து அறிக்கை நஷ்டஈட்டுக் கோப்பின் தொடக்கம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால், "எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்கிவிட்டோம், போதும்" என்று குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. பாதிக்கப்பட்டவருக்கு முதல் விபத்து அறிக்கையின் நகலும் தரப்பட வேண்டும். நிலையத்தில் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு நாளில் எழுதுவதையும் மூன்று மாதத்தில் எழுதுவதையும் எப்படிப் பிரிப்பது? முதல் அறிக்கையில் இரண்டு வகை விஷயங்களுக்குத்தான் இடம். ஒன்று, அன்றைக்கே கண்ணால் பார்த்தது அல்லது ஆவணத்தில் படித்தது. இன்னொன்று, அன்று எழுதாவிட்டால் பிறகு கிடைக்காமல் போவது. யார் மீது தவறு, காயம் எவ்வளவு கடுமையானது, அவருக்கு மாத வருமானம் எவ்வளவு என்ற மூன்றும் விசாரித்துச் சொல்ல வேண்டியவை. அவை விரிவான அறிக்கைக்கு உரியவை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் 3, காலை 6.40 மணி. சர்தார் படேல் சாலையில் மத்திய கைலாஷ் சந்திப்புக்கு அருகே, இடப்பக்கம் திரும்பிய தண்ணீர் லாரி ஒரு ஸ்கூட்டர் மீது மோதுகிறது. ஸ்கூட்டரில் வந்தவர் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை செய்யும் 42 வயதுப் பெண். அக்கம்பக்கத்தவர் ஆட்டோவில் ஏற்றி ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். லாரி டிரைவர் ஓடவில்லை, நிற்கிறார். இன்டிகேட்டர் போடாமல் லாரி திரும்பியது என்கிறார் அந்தப் பெண். போட்டுத்தான் திரும்பினேன், அந்தம்மாதான் இடப்பக்கச் சந்தில் நுழைந்தார் என்கிறார் டிரைவர்.

ஜூன் 5 காலைக்குள் போக வேண்டிய முதல் அறிக்கையில் என்ன இருக்கும்? நாள், நேரம், இடம். இடத்தை வெறுமனே "சர்தார் படேல் சாலை" என்று எழுதக் கூடாது. எந்தச் சந்திப்பு, எந்தத் திசைப் பாதை என்பது வரை வேண்டும். இரண்டு வண்டிகளின் பதிவு எண்கள், டிரைவர் பெயர், லைசென்ஸ் விவரம், உரிமையாளர் விவரம், இன்சூரன்ஸ் விவரம், அடிபட்டவர் பெயர், சேர்த்த மருத்துவமனை, தகவல் கொடுத்தவர் யார், எஃப்.ஐ.ஆர். எண். மோதல் எப்படி நடந்தது என்பதை, "இடப்புறம் திரும்பிய லாரியின் முன் இடது பக்கம் ஸ்கூட்டரின் வலது பக்கத்தில் பட்டது" என்ற அளவில் நிறுத்த வேண்டும். இன்டிகேட்டர் பற்றிய வாதம் இங்கே வரக் கூடாது. இருவர் சொன்னதும் வாக்குமூலமாக விசாரணைக் கோப்பில் இருக்கட்டும். மற்ற சான்றுகளோடு ஒப்பிட்ட பிறகு விரிவான அறிக்கையில் அது முடிவாக வரும்.

அவசரத்தில் முதல் அறிக்கையிலேயே காரணத்தை எழுதினால் பாதிக்கப்பட்டவருக்குத்தான் ஆபத்து. "ஸ்கூட்டர் ஓட்டியவர் கவனக்குறைவாக இடப்பக்கம் வந்ததால்" என்று ஒரு வரி போய்விட்டால் இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞர் கடைசிவரை அதை விடமாட்டார். அந்தப் பெண் மீதும் பாதித் தவறு என்று சொல்லி நஷ்டஈட்டைக் குறைக்கக் கேட்பதற்கு அந்த ஒரு வரி போதும். லாரி மீது தவறு என்று எழுதினாலும் சிக்கல் உண்டு. பின்னால் கேமராப் பதிவு வேறு மாதிரி காட்டினால் கோப்பு முழுவதன் நம்பகத்தன்மையும் குறையும்.

இன்சூரன்ஸ் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. டிரைவர் வண்டியில் வைத்திருக்கும் காகிதம் போன வருடத்துப் பாலிசியாக இருக்கும். உரிமையாளர் மே மாதமே வேறு கம்பெனியில் புதுப்பித்திருப்பார். அதிகாரி கையில் கிடைத்த காகிதத்தில் இருக்கும் கம்பெனி பெயரை மட்டும் எழுதினால், முதல் அறிக்கை சம்பந்தமே இல்லாத கம்பெனிக்குப் போகும். அறிக்கை கிடைத்த 10 நாளில் கம்பெனி தன் தரப்பில் ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்ற கடமை சரியான கம்பெனிக்குத் தொடங்கவே தொடங்காது. இதைத் தவிர்க்கப் பாலிசி எண்ணோடு அது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதையும் எழுத வேண்டும். ஜூன் 3 அந்த இடைவெளிக்குள் வரவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். அந்தப் பாலிசி உண்மையானதா, அன்று நடப்பில் இருந்ததா என்ற சரிபார்ப்பு முதல் அறிக்கையின் வேலை இல்லை. உரிமையாளரும் டிரைவரும் தங்கள் படிவங்களை 30 நாளுக்குள், அதாவது ஜூலை 3க்குள் தர வேண்டும். அவற்றை வைத்து ஜூலை 23க்குள் போகும் இடைக்கால அறிக்கையில் திருத்தம் ஏறும்.

தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவது முதல் அறிக்கையில் குறையே அல்ல. ஊகித்து நிரப்புவதுதான் குறை. பதிவு எண்ணின் கடைசி இலக்கம் சந்தேகம் என்றால் அப்படியே குறிக்க வேண்டும். முதல் அறிக்கையில் ஒரு எண்ணும் விரிவான அறிக்கையில் வேறு எண்ணும் காரணம் சொல்லாமல் வந்தால், "பாலிசி இருக்கும் வண்டியைப் பிறகு கொண்டுவந்து சேர்த்தார்கள்" என்று கம்பெனி வாதாடும். எண் மாறியது ஏன், யார் சொல்லி, எந்தத் தேதியில் என்று விரிவான அறிக்கை விளக்கினால் அந்த வாதம் நிற்காது.

இனிக் காயம். ராயப்பேட்டையில் முதலில் எழுதப்படுவது ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேடு. அதில் "வலது முழங்காலுக்குக் கீழே வீக்கம், சிராய்ப்பு" என்று இருக்கிறது. மறுநாள் எக்ஸ்ரேயில் கால் எலும்பு முறிந்திருப்பது தெரிகிறது. முதல் அறிக்கையில் "காயம், உள்நோயாளியாகச் சிகிச்சையில்" என்பதோடு நிறுத்துவதே சரி. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதை உறுதிசெய்வது மருத்துவர் தரும் காயச் சான்றிதழ். அது வந்ததும் வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(அ) பிரிவிலிருந்து 125(ஆ) பிரிவுக்கு மாற்றப்படும். விரிவான அறிக்கையில் எஃப்.ஐ.ஆரோடு பிரிவு மாற்ற அறிக்கையும் சேர வேண்டும். இல்லாவிட்டால் சாதாரணக் காயம் என்ற பழைய பதிவே தீர்ப்பாயத்தின் முன் நிற்கும்.

ஏ.ஆரில் குடும்பத்தினர் அன்றைக்கே பார்க்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. காயம் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில், ஆட்டோவில் கூட்டிவந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டாங்க" என்று சொல்லியிருந்தால், தானாக விழுந்ததாகப் பதிவாகிவிடும். லாரியின் பெயரே அதில் இருக்காது. எத்தனையோ நியாயமான கோரிக்கைகள் இந்த ஒரு வரியால் தடுமாறியிருக்கின்றன. அப்படிப் பதிவாகியிருந்தால் மருத்துவமனையில் சண்டை போட்டு அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். அடித்தல் திருத்தல் சந்தேகத்தைத்தான் கூட்டும். அடிபட்டவர் பேசும் நிலைக்கு வந்ததும் அவர் வாக்குமூலத்தையும், ஆட்டோக்காரர் உண்மையில் மோதலைப் பார்த்தாரா இல்லையா என்பதையும் பதியச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். விரிவான அறிக்கை அந்த முரண்பாட்டைத் தீர்க்க வேண்டும்.

அன்றே பிடிக்க வேண்டிய இன்னொன்று கேமரா. கடைகளில் உள்ள கேமராக்களில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும். எந்தக் கடை, எந்தத் திசையைப் பார்க்கும் கேமரா என்பது முதல் இரண்டு நாளிலேயே அதிகாரியின் குறிப்பில் ஏற வேண்டும். பதிவின் நகலும் அதற்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின்படி தேவையான சான்றிதழும் விரிவான அறிக்கையோடு போகும். சாலையில் உள்ள டயர் தடம், உடைந்த கண்ணாடி, வண்டிகள் நின்ற நிலை ஆகியவையும் இப்படித்தான். படம் உடனே எடுக்க வேண்டும். அளவோடு வரைந்த இட வரைபடம் (படிவம் 8) பிறகு சேரும். லாரியின் பிரேக், விளக்கு, இன்டிகேட்டர் வேலை செய்ததா என்பதைச் சொல்வது வாகன ஆய்வு அறிக்கை (படிவம் 9). நம் உதாரணத்தில் இடது இன்டிகேட்டர் எரியவில்லை என்று அந்த ஆய்வு காட்டினால், டிரைவரின் வாதத்துக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

வருமானமும் குடும்ப விவரமும் அடிபட்டவர் தர வேண்டியவை. அதற்கான படிவம் 6ஐ 60 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 2க்குள் கொடுக்க வேண்டும். மெஸ் சமையலுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. மெஸ் உரிமையாளரின் கடிதம், வங்கிக் கணக்கில் மாதாமாதம் வரவான தொகை, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்ற விவரம், மருந்து பில்கள், பாஸ்புக் நகல் இவற்றை இணைக்கலாம். இந்தப் படிவம் வராமல் விரிவான அறிக்கை போனால் விபத்து எப்படி நடந்தது என்பது மட்டும் அதில் இருக்கும், இழப்பு எவ்வளவு என்பது இருக்காது. நிரந்தர ஊனத்தின் சதவீதம் 90 நாளில் தெரியாமல் போகலாம், எலும்பு கூடியபின்தான் கணக்கிட முடியும். அதற்காக அறிக்கையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. சிகிச்சை தொடர்கிறது என்று எழுதி அனுப்பலாம், சான்றிதழைத் தீர்ப்பாயத்தில் பிறகு தாக்கல் செய்யலாம்.

விரிவான அறிக்கை செப்டம்பர் 1க்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அது கிடைத்த 30 நாளில் இன்சூரன்ஸ் கம்பெனி தன் முடிவைச் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 166(4) பிரிவின்படி போலீஸ் அனுப்பும் இந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளும். உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில், முதல் அறிக்கை வந்ததுமே தீர்ப்பாயம் அதைப் பதிவுசெய்து, பின்னால் வரும் இடைக்கால, விரிவான அறிக்கைகளை அதோடு சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நீங்கள் வழக்கறிஞர் மூலம் தனி மனு போட்டிருந்தால் இரண்டும் ஒன்றாக விசாரிக்கப்படும். தனி மனுவுக்குச் சட்டம் தரும் அவகாசம் விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். செப்டம்பர் முதல் வாரத்தில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் விசாரித்து விரிவான அறிக்கை வரவில்லை என்று தெரிந்தால், டிசம்பர் 3க்குள் மனு போட இன்னும் மூன்று மாதம் கையில் இருக்கும்.