பால்மானி: சொல்லும் கருவியும்

பால் கொள்முதல் நிலையத்திலும் சிறிய தரப் பரிசோதனைக் கூடத்திலும் எல்லார் வாயிலும் புழங்கும் சொல் லாக்டோமீட்டர். லத்தீனில் பாலுக்கு 'லாக்', அதன் வேற்றுமை உருவம் 'லாக்டிஸ்'. அளவு என்பதற்குக் கிரேக்கச் சொல் 'மெட்ரோன்'. இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் இது. பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்றும், தயிரின் புளிப்புக்கு லாக்டிக் அமிலம் என்றும் பெயர் வந்தது இதே வேரிலிருந்துதான்.

தமிழில் பால்மானி. பள்ளிப் பாடநூலிலும் இதே பெயர்தான். வெப்பமானி, திரவமானி வரிசையில் இயல்பாக வந்து உட்காரும் சொல். 'மானி' என்பது அளவு என்று பொருள்படும் வடமொழி 'மானம்' வழி வந்தது. அது வேண்டாம் என்பவர்கள் 'பால் அளவி' என்கிறார்கள், அதிலும் தவறில்லை. என் தேர்வைக் கேட்டால் 'பால் அடர்த்திமானி' என்பேன். அந்தக் கருவி அளப்பது பாலின் அடர்த்தியை மட்டுமே. லாக்டோமீட்டர், பால்மானி இரண்டு பெயருமே பாலின் தரத்தையே அது அளந்து சொல்லிவிடும் என்ற எண்ணத்தைத் தருகின்றன. கலப்படம் செய்பவர்களுக்கு வழிவிடுவதும் அந்த எண்ணம்தான்.

கருவி எளிமையானது. அடியில் கனமான குண்டு, மேலே மெல்லிய கண்ணாடித் தண்டு, தண்டில் எண்கள். அடர்த்தி கூடிய பாலில் அது மேலே மிதக்கும், அடர்த்தி குறைந்தால் ஆழ இறங்கும். தண்டில் 30 என்று படித்தால் அந்தப் பாலின் ஒப்படர்த்தி 1.030 என்று பொருள். தண்ணீருக்கு 1.000, அதாவது இந்த அளவில் பூஜ்யம். கலப்படமில்லாத பசும்பால் பெரும்பாலும் 28-க்கும் 32-க்கும் நடுவில் நிற்கும்.

அளக்கும்போது பாலை நுரை வராமல் மெதுவாகக் கலக்கி, ஜாடியின் சுவரை ஒட்டி ஊற்ற வேண்டும். கருவியை மெல்ல இறக்கி, ஆட்டம் நிற்கும் வரை பொறுத்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். பால் ஒளி ஊடுருவாதது என்பதால், தண்டை ஒட்டி அது ஏறி நிற்கும் மேல் விளிம்பைத்தான் படிக்கிறோம். கறந்த கையோடு அளந்தால் எண் குறைவாகக் காட்டும். காற்றுக் குமிழ்கள் அதற்கு ஒரு காரணம், கொழுப்பு இன்னும் இறுகாமல் இருப்பது இன்னொன்று. ஓரிரு மணி நேரம் விட்டு அளந்தால் அதே பாலுக்கு எண் ஏறியிருக்கும். நல்ல பால் கொண்டுவந்தவர் மேல் வீண் சந்தேகம் வருவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது வெப்பநிலை. எந்த வெப்பநிலைக்காகச் செய்தது என்று கருவியிலேயே பொறித்திருக்கும். 60 டிகிரி ஃபாரன்ஹீட் கருவியும் உண்டு, நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்ற 84 டிகிரி கருவியும் உண்டு. முதல் வகையில், 60-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் வாசிப்போடு 0.1 கூட்ட வேண்டும். 70 டிகிரியில் 29 படித்தால், திருத்திய வாசிப்பு 30. இந்தத் திருத்தம் 60-ஐ ஒட்டிய வெப்பநிலைகளில்தான் நம்பகமானது. அதனால் பாலை முதலில் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிக்கொள்வது நல்லது. பொறித்ததைப் பார்க்காமல் 84 டிகிரி கருவிக்கும் இதே கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? 84 டிகிரியில் உள்ள பாலுக்கு 2.4 வீணாகக் கூடிவிடும். பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் கலந்த தண்ணீரை ஏறக்குறைய முழுசாக மறைக்க அதுவே போதும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பசும்பால் 10 லிட்டர், திருத்திய வாசிப்பு 30, கொழுப்பு 4 சதவீதம். கொழுப்பு தவிர்த்த இதரச் சத்தை, 60 டிகிரி கருவிக்கு, ரிச்மண்ட் வாய்ப்பாட்டில் கண்டுபிடிக்கலாம்:

இதரச் சத்து = (வாசிப்பு ÷ 4) + (0.2 × கொழுப்பு) + 0.14

விடை 8.44. பசும்பாலில் இதரச் சத்து குறைந்தது 8.3, கொழுப்பு குறைந்தது 3.2 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணயம். இந்தப் பால் தேறிவிட்டது. இதில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் வாசிப்பு 27.3-க்கு இறங்கும், இதரச் சத்து 7.7-க்கு வந்துவிடும். இந்த நேரடித் திருட்டைப் பால்மானி பிடித்துவிடும்.

அப்புறம்தான் சிக்கல். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, இதரச் சத்து கனமானது. ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். அதே பாலில் கொழுப்பை 2 சதவீதத்துக்குக் குறைத்தால் வாசிப்பு 32-க்குச் சற்று மேலே போகும். அந்தப் பால் 10 லிட்டருக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் விட்டால் வாசிப்பு மறுபடியும் 30. ஆடையும் போய், தண்ணீரும் சேர்ந்த பாலை, சுத்தமான பால் மாதிரியே பால்மானி காட்டும். கெர்பர் முறையில் கொழுப்பையும் அளந்தால்தான் குட்டு வெளிப்படும். கொழுப்பு 1.9-க்குக் கீழே நிற்கும், இதரச் சத்தும் 8-ஐ ஒட்டிச் சரியும். பால்மானி எண்ணைக் கொழுப்பு அளவு இல்லாமல் தனியாகப் பதிவேட்டில் எழுதுவதை நான் ஏற்பதே இல்லை.

இரண்டையும் ஏமாற்றும் வழி ஒன்றும் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் விட்ட முதல் பாலையே எடுத்துக்கொள்வோம். வாசிப்பு 27.3, கொழுப்பு 3.6. அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகச் சர்க்கரை கரைத்தாலே வாசிப்பு 30-க்கு ஏறிவிடும். வாய்ப்பாட்டில் போட்டால் இதரச் சத்து 8.36. கொழுப்பு தேறுகிறது, இதரச் சத்தும் தேறுகிறது. வாய்ப்பாட்டுக்கு அடர்த்தி எதனால் வந்தது என்று தெரியாது. சர்க்கரையையும் பால் சத்தாகவே எண்ணிவிடும்.

இங்கே கைகொடுப்பது ரிசார்சினால் சோதனை. சோதனைக் குழாயில் 15 மில்லி பால், 1 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.1 கிராம் ரிசார்சினால் சேர்த்துக் கலக்கி, கொதிநீரில் 5 நிமிடம் வைக்க வேண்டும். கரும்புச் சர்க்கரை இருந்தால் அமிலம் அதை உடைக்கும். அதிலிருந்து வரும் ஃப்ரக்டோஸ் ரிசார்சினாலோடு சேர்ந்து சிவப்பு நிறம் தரும். பாலின் சொந்தச் சர்க்கரையான லாக்டோஸில் ஃப்ரக்டோஸ் கிடையாது, அதனால் அது அந்த வேகத்தில் சிவக்காது. ஆனால் ஐந்து நிமிடத்தை மறந்து வெகுநேரம் கொதிக்கவிட்டால் சுத்தமான பாலிலும் நிறம் தட்டும். கலப்படமில்லை என்று உறுதியாகத் தெரிந்த பாலைப் பக்கத்துக் குழாயில் அதே நேரம் வைத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

மாவு கலந்திருந்தால் வேலை இன்னும் சுலபம். கொஞ்சம் பாலைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, இரண்டு மூன்று சொட்டு அயோடின் கரைசல் விட்டால் நீலம் தெரியும். சூட்டோடு விட்டால் அந்த நீலம் தெரியாமல் போய்விடும், அதனால் ஆறவிடுவதில் அவசரம் கூடாது.

எருமைப்பாலில் தண்ணீர் கலந்து பசும்பால் என்று கொடுத்தால் மட்டும் மேலே சொன்ன எதிலும் சிக்காமல் போகலாம். எருமைப்பாலில் கொழுப்பும் இதரச் சத்தும் கூடுதல். அளவாக நீர் விட்டால் எல்லா எண்ணும் பசும்பாலின் வரம்புக்குள் வந்து நிற்கும்.