அம்மாவை வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தால் வாடகை மாறுமா?

தனியாக இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ இனி நம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ததும், முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். யார் யார் குடியிருக்கலாம், விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம், ஆள் கூடினால் வாடகையோ கட்டணமோ கூடுமா என்ற மூன்று இடங்களைப் பாருங்கள்.

பெற்றவரை உடன் வைத்துக்கொள்வது உள்வாடகை ஆகாது. பணம் வாங்கிக்கொண்டு வீட்டில் ஒரு பகுதியை இன்னொருவருக்கு விடுவதுதான் உள்வாடகை. ஆனாலும் ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களின் பெயர்கள் எழுதியிருந்தால், புதிதாக வருபவருக்கு உரிமையாளரின் சம்மதம் தேவை. அதை எழுத்தில் வாங்குங்கள். விருந்தாளி என்று சொல்லி மாதக்கணக்கில் தங்க வைத்தால், அதையே விதிமீறல் என்று பின்னால் எடுத்துக் காட்ட முடியும்.

ஒரு உதாரணம். 12 மாத ஒப்பந்தம், மூன்று பேர் பெயர் இருக்கிறது. ஐந்தாம் மாதம் முடிந்தபோது அம்மா வருகிறார். உரிமையாளர் முகம் சுளிக்காமல், "தாராளமாக வரட்டும், புது ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம்" என்கிறார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மீதி ஏழு மாதத்துக்குப் பழைய வாடகையைக் காப்பாற்றி வந்தது அந்தப் பழைய தாள்தான். புதியதில் கையெழுத்துப் போட்டால் வாடகை, முன்பணம், காலி செய்ய வேண்டிய கெடு எல்லாமே புதிதாகிவிடும். ஆள் கூடினால் வாடகை கூடும் என்று ஒப்பந்தத்தில் இல்லாதபோது, நடுவில் ஏற்றுவதற்கு நீங்கள் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. தண்ணீர்க் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று இருந்தால் மட்டும் அது மூன்றிலிருந்து நான்காகும்; அது நியாயம்தான்.

ஆகவே இணைப்புத் தாள் ஒன்று கேளுங்கள். அம்மாவின் பெயர், உறவு, வரும் தேதி, "வாடகையும் மற்ற நிபந்தனைகளும் மாறவில்லை" என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து. அதில் அவரைக் 'குடியிருப்பவர்' என்று எழுதச் சொல்லுங்கள். 'கூட்டு வாடகைதாரர்' என்று எழுதினால் வாடகை பாக்கிக்கு அவரும் பொறுப்பாவார். ஆனால், வெறும் குடியிருப்பவருக்குத் தனி உரிமை குறைவு. வாடகைதாரர் இறந்தால் உடனிருந்த குடும்பத்தார் தொடர்ந்து இருக்கலாம் என்று சில வாடகைச் சட்டங்கள் சொல்கின்றன. அப்போது, எந்தத் தேதியிலிருந்து அங்கே இருந்தார் என்பதற்கு இந்தத் தாள் சாட்சியாகும்.

அரசு அல்லது மானிய வீடாக இருந்து, குடும்ப வருமானத்தை வைத்து வாடகை கணக்கிடுகிறார்கள் என்றால் கதை வேறு. அம்மாவின் ஓய்வூதியம் அந்த வருமானத்தில் சேருமா, அவருடைய வயதுக்குக் கழிவு உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சொல்லாமல் விட்டால், அவர் வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு வித்தியாசத்தை மொத்தமாகக் கேட்கக்கூடும்.