வர்க்கம் எடுக்கும் இடத்தில் தொலையும் நீளம்

வெக்டரின் நீளத்தைக் காண எண்களை யோசிக்காமல் நேரடியாக வர்க்கம் எடுக்கும் தவறை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இனியும் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறைகளுக்கு அளவெடுக்கும் மென்பொருள் எழுதிக்கொடுப்பது என் தொழில். பாலிஷ் முடிந்த பலகையின் மேல் லேசர் ஸ்கேனர் ஓடும். ஒவ்வொரு இடத்திலும் நீளவாக்கில் ஒரு சாய்வு, அகலவாக்கில் ஒரு சாய்வு என்று இரண்டு எண்கள் கிடைக்கும். இரண்டையும் ஒரு வெக்டராக வைத்து அதன் நீளத்தைக் கண்டால் அதுதான் மொத்தச் சாய்வு. நான் போன பட்டறையில் மீட்டருக்கு 0.52 மில்லிமீட்டர்வரை ஏற்பார்கள், தாண்டினால் பலகை திரும்பவும் பாலிஷுக்குப் போகும்.

அங்கிருந்து மெஷின் ஓட்டுபவர் கூப்பிட்டார். "சார், ஸ்கேனர் ஃபெயில்னு சொல்ற பலகைய ஸ்ட்ரெயிட் எட்ஜ் வெச்சு, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தா நல்லாத்தான் இருக்குதுங்க. எதை நம்பறதுங்க?"

கையால் பார்த்தவர் சொன்னதுதான் சரி. போய்ப் பார்த்தபோது நடந்தது புரிந்தது. வேகத்துக்காகக் கணக்கு முழுவதையும் 16 பிட் ஹாஃப் எண்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஹாஃபில் அடங்கும் மிகப் பெரிய எண் 65504. மாற்றிய அன்றே ஒரு இடத்தில் `inf` வந்திருக்கிறது. ஒரு புள்ளி மூலையிலிருந்து 180 மில்லிமீட்டர், 240 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. தூரம் 300, ஹாஃபில் தாராளமாக அடங்கும். ஆனால் 32400, 57600 என்ற வர்க்கங்களைக் கூட்டினால் 90000. அது அடங்காது, ஓவர்ஃப்ளோ. கொடுத்த எண்ணும் அடங்கும், வர வேண்டிய விடையும் அடங்கும், நடுவில் வரும் வர்க்கம்தான் வெடிக்கிறது.

இதைக் கண்ட, அங்கே நிரலைப் பார்த்துக்கொள்ளும் தம்பி எல்லா அலகையும் மில்லிமீட்டரிலிருந்து மீட்டருக்கு மாற்றிவிட்டார். `inf` மறைந்தது. கூடவே மீட்டருக்கு 0.3, 0.4 மில்லிமீட்டர் என்று நல்லபடியாக இருந்த சாய்வுகள் 0.0003, 0.0004 ஆகிவிட்டன.

"அண்ணா, `inf` வரல, `nan` வரல, சைபரும் வரல. அப்புறம் எப்படிண்ணா தப்பாகும்?" என்று கேட்டார். என்னை மிகவும் கோபப்படுத்துவது இந்த நம்பிக்கைதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஹாஃபில் சுமார் 0.000061-க்குக் கீழே போனதும் எண் சட்டென்று பூஜ்யமாவதில்லை. சப்நார்மல் என்ற பகுதிக்குள் இறங்குகிறது. அங்கே எண்கள் எல்லாம் 2⁻²⁴ என்ற ஒரே சம அடியில், அதாவது சுமார் 0.00000006 இடைவெளியில் நிற்கும். கீழே போகப் போகத் துல்லியம் கரையும். கிராஜுவல் அண்டர்ஃப்ளோ என்பது இதுதான். 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்திலேயே இருக்கிறது. இது நல்ல ஏற்பாடு. இரண்டு வேறுபட்ட எண்களைக் கழித்தால் பூஜ்யம் வராது என்ற உத்தரவாதம் இதனால்தான் கிடைக்கிறது. ஆனால் காப்பாற்றுவது கூட்டலையும் கழித்தலையும்தான். பெருக்கலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

0.0003-இன் வர்க்கம் அந்த அடியில் ஒன்றரை அடி சொச்சம். அரை அடி என்று ஒன்று இல்லை, அதனால் 2 அடியாகிறது. 0.0004-இன் வர்க்கம் 2.7 அடி, அது 3 ஆகிறது. கூட்டினால் 5 அடி, வர்க்கமூலம் 0.000546. உண்மையான விடை 0.0005. ஒன்பது சதவீதம் பிசகிவிட்டது, ஒரு எச்சரிக்கையும் இல்லை. மீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர் என்று தேற வேண்டிய பலகை 0.546 என்று தோற்றது. பூஜ்யம் வந்திருந்தால் யாராவது அன்றே கவனித்திருப்பார்கள்!

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அன்று பலகை முழுக்க வந்த விடைகளை வரிசையாக அச்சிடச் சொன்னேன். 0.244, 0.345, 0.423, 0.488, 0.546, 0.598 மட்டுமே திரும்பத் திரும்ப வந்தன. எல்லாம் 0.244-ஐ 1, 2, 3 என்று முழு எண்களின் வர்க்கமூலத்தால் பெருக்கியவை. கல்லின் சாய்வு இப்படிப் படிக்கட்டாக இருக்காது. இப்படி வந்தால் அளவுக்கருவியைச் சந்தேகிக்காதீர்கள், வர்க்கம் எடுத்த வரியைத் திறந்து பாருங்கள்.

பூஜ்யத்தைத் தவிர்க்க வர்க்கமூலத்துக்குள் 1e-8 சேர்க்கிற வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். ஹாஃபில் 1e-8 என்பதே பூஜ்யம், சேர்த்தும் சேர்க்காததுதான். சரி, 1e-6 சேர்க்கலாமா? மேலே சொன்ன வெக்டரின் நீளம் 0.001145 என்று வரும். உண்மையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

முதலில் செய்ய வேண்டியது எளிது. சேமிப்பது ஹாஃபாக இருக்கட்டும், வர்க்கமும் கூட்டலும் 32 பிட் ஃப்ளோட்டில் நடக்கட்டும். எந்த ஹாஃப் எண்ணின் வர்க்கமும் ஃப்ளோட்டில் துல்லியமாகவே அடங்கும். ஃப்ளோட் எண்களுக்கு 64 பிட் டபுளில் கூட்டினாலும் இதே நிம்மதி. டபுளுக்கு மேல் போக வழியில்லாதபோதும், ஒரு படி மேலே ஏற வன்பொருள் விடாதபோதும் மட்டும் அளவு மாற்ற வேண்டும். அந்த அளவை எண்களிலிருந்தே எடுக்க வேண்டும், மில்லிமீட்டர், மீட்டர் என்று முன்கூட்டியே பிடித்துவைக்கக் கூடாது. இரண்டில் பெரியதால் வகுத்து, வர்க்கம் எடுத்து, கடைசியில் திரும்பப் பெருக்குங்கள். 0.0003-ஐ 0.0004-ஆல் வகுத்தால் 0.75. வர்க்கங்களின் கூட்டல் 1.5625, மூலம் 1.25, அதை 0.0004-ஆல் பெருக்கினால் 0.0005. 180, 240-க்கும் அதே 1.25 தான், விடை 300.

```c
float m = fmaxf(fabsf(x), fabsf(y));
if (isinf(m)) return m;
if (m == 0.0f) return m + x + y;
float a = x / m, b = y / m;
return m * sqrtf(a*a + b*b);
```

மூன்றாவது வரியில் `return 0` என்று எழுதிவிடாதீர்கள். `fmaxf` ஒரு `nan`-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், `m + x + y` அதை மீட்டுக் கொண்டுவரும். வேகம் என்று சொல்லி `1/m` கண்டுபிடித்துப் பெருக்கவும் வேண்டாம். ஹாஃபில் `m` 0.00001 ஆக இருந்தால் `1/m` ஒரு லட்சம், மறுபடி ஓவர்ஃப்ளோ. கம்பைலருக்கு `-ffast-math` கொடி போட்டால் `isinf` சோதனையே காணாமல் போகலாம். எக்ஸ்86 கணினியில் ஜிசிசி கொண்டு அதே கொடியோடு நிரலை இணைத்தால் சப்நார்மலும் பூஜ்யமாக்கப்படும். இரண்டே எண்கள் என்றால் இதை எழுதவே வேண்டாம், `hypot` இருக்கிறது. உண்மையான நீளமே 65504-ஐத் தாண்டினால் மட்டும் எந்தத் தந்திரமும் உதவாது, அங்கே `inf` வருவதுதான் சரி.

கிளம்பும் முன் அந்தத் தம்பியிடம் ஒரு சோதனை எழுதவைத்தேன். 3-ஐயும் 4-ஐயும் 2-இன் ஒரே அடுக்கால் பெருக்கிக் கொடு, விடை அதே அடுக்கின் 5 மடங்காக இருக்கிறதா பார் என்றேன். நேரடியாக வர்க்கம் எடுத்த ஹாஃப் நிரல் அடுக்கு −12 முதல் 5 வரைதான் தாங்கியது. −13-இல் இரண்டு சதவீதம் பிசகியது, −14-இல் பதின்மூன்று, −15-இல் பூஜ்யம், மேலே 6-இல் `inf`. வகுத்துப் பெருக்கும் முறையை ஹாஃபிலேயே ஓட்டினோம். −24 முதல் 13 வரை ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஒவ்வொரு பில்டிலும் அது ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.