42.8 எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் விற்கும் விஸ்கி, பிராந்தி, ரம் எதுவானாலும் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 42.8% என்று போட்டிருக்கும். சாதாரண பீர் புட்டியில் 5 அல்லது அதைச் சுற்றி ஏதோ ஒன்று. ஒயினில் 12, 13. கொள்ளளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆல்கஹால் என்பதே இந்த எண்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஈஸ்ட், ஒரே வேதிவினை. பிறகு ஏன் இவ்வளவு இடைவெளி? 43 என்று முழுசாகப் போடாமல் 42.8 என்று நிறுத்துவானேன்?

பீரிலிருந்து தொடங்குவோம். ஈஸ்ட் ஒற்றைச் செல் பூஞ்சை. சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே தள்ளும். எடைக் கணக்கில் தின்ற சர்க்கரையில் ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகும், மறுபாதி வாயுவாகிப் பறந்துவிடும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

பார்லியில் சர்க்கரை கிடையாது, மாவுச்சத்துதான் உண்டு. ஈஸ்ட்டால் மாவுச்சத்தைத் தொட முடியாது. அதனால் பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துகிறார்கள். அதுதான் மால்ட். முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தை உடைத்துக்கொள்ள நொதிகளைச் சுரக்கும். மால்ட்டை நொறுக்கி 65 டிகிரி வாக்கில் வெந்நீரில் போட்டால், அந்த நொதிகள் ஒரு மணி நேரத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டிப்போடும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெட்டாது. கணிசமான பகுதி டெக்ஸ்ட்ரின் என்னும் நீளத் துண்டுகளாக நின்றுவிடும். அவை ஈஸ்ட்டின் வாய்க்குள் போகாது.

சாதாரண பீருக்கான மால்ட் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 125 கிராம் கரைந்த பொருள் இருக்கும். ஈஸ்ட்டுக்குக் கிட்டுவது அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 83 கிராம். பாதி ஆல்கஹாலானால் 41 கிராம். ஆல்கஹால் நீரைவிட இலேசானது, மில்லிலிட்டருக்கு 0.79 கிராம்தான். ஆக 41 கிராம் என்பது 52 மில்லிலிட்டர். ஒரு லிட்டரில் 52 மில்லி என்றால் 5.2%. அவ்வளவுதான் பீர். ஈஸ்ட்டுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, தட்டில்தான் ஒன்றும் மிச்சமில்லை. பீர் வடிப்பவர் வேண்டுமென்றே செய்யும் ஒரு காரியமும் இதில் உண்டு. சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைக்கிறார். அந்தச் சூட்டில் நொதிகள் செத்துவிடுவதால், தப்பிய டெக்ஸ்ட்ரின் தப்பியதுதான். பீருக்கு வாயில் ஒரு கனம் தெரிகிறதே, அதில் டெக்ஸ்ட்ரினுக்குப் பங்கு உண்டு.

திராட்சைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. சர்க்கரையைச் செடியே தயாராக வைத்திருக்கிறது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான், இரண்டையும் ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்னும். பழுத்த ஒயின் திராட்சையைப் பிழிந்தால் லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை கிடைக்கும். ஒரு சதவீத ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை என்பது ஒயின் ஆலைகளின் வாய்ப்பாடு. வகுத்துப் பாருங்கள், 13 வரும். நம் ஊர்த் தென்னங்கள்ளும் இந்த வழியில்தான் உருவாகிறது. பாளையில் சொட்டும் பதநீர் சர்க்கரையோடுதான் வருகிறது. மால்ட்டும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டே போதும், சில மணி நேரத்தில் நுரைத்துவிடும். ஆனால் திறந்த கலயத்தில் பாக்டீரியாவும் பந்தியில் உட்கார்ந்துவிடுவதால், கள் ஓரளவுக்கு ஏறியதுமே புளிக்கத் தொடங்கி, விட்டால் காடியாகிவிடும்.

அப்படியானால் லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரை போட்டு 24% ஒயின் செய்துவிடலாமே? முடியாது. இங்கேதான் ஈஸ்ட்டே கையை விரிக்கிறது. ஆல்கஹால் அதற்குக் கழிவு மட்டுமல்ல, ஆயுதமும்கூட. போட்டிக்கு வரும் பாக்டீரியாக்களை அது விரட்டும். பிறகு காற்று கிடைத்தால் அதே ஆல்கஹாலை ஈஸ்ட் உணவாகவும் எரித்துக்கொள்ளும். கெட்டிக்கார ஏற்பாடுதான், ஆனால் மூடிய தொட்டிக்குள் அந்த ஆயுதம் தன் மேலேயே திரும்புகிறது. ஈஸ்ட் செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்பாலான மெல்லிய சவ்வு. ஆல்கஹால் மூலக்கூறுகள் அதில் புகுந்து இளக்கிவிடும். சவ்வு கசியும், அமிலம் உள்ளே வரும், சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் வழிகள் வேலைநிறுத்தம் செய்யும். 14, 15, மிஞ்சினால் 16 சதவீதத்தோடு பெரும்பாலான ஈஸ்ட்டுகள் ஓய்ந்துவிடும். தொடக்கத்திலேயே சர்க்கரையை அள்ளிக் கொட்டினால் இன்னொரு கேடும் வரும். ஊறுகாய் உப்பு மாதிரி அது செல்லிலிருந்து நீரை உறிஞ்சிவிடும்.

இந்த வேலையில் ஜப்பானியர் செய்த தந்திரம் எனக்குப் பிடித்தமானது. சாகே என்னும் அரிசி மதுவில், கோஜி என்ற பூஞ்சை மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அதே தொட்டியில் உடனுக்குடன் தின்றுகொண்டே வரும். அரிசியையும் தவணை முறையில்தான் சேர்ப்பார்கள். ஈஸ்ட் ஒருபோதும் சர்க்கரைக் கடலில் மூழ்குவதில்லை. குளிர்ந்த தொட்டியில் மெதுவாக 18, சமயத்தில் 20 சதவீதம் வரை எட்டும். நொதித்தலால் மட்டும் போகக்கூடிய தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதற்கு மேல் வேண்டுமானால் ஈஸ்ட்டை விட்டுவிட்டு நெருப்பிடம் போக வேண்டும். ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கியை எடுத்துக்கொள்வோம். அங்கும் தொடக்கம் அதே பார்லி, அதே மால்ட், ஆனால் சாற்றைக் கொதிக்கவைப்பதில்லை, ஹாப்ஸும் கிடையாது. நொதிகள் உயிரோடு இருப்பதால், நொதிக்கும்போதே மிச்ச டெக்ஸ்ட்ரினையும் வெட்டிக்கொண்டிருக்கும். சாறும் பீரைவிடச் சற்றுக் கெட்டி. ஆகவே 5 அல்ல, 8 சதவீதம் கிடைக்கும். குடித்தால் புளித்த, சப்பென்ற பீர் மாதிரி இருக்கும். நம்மூர் பாஷையில் சொன்னால் இதுதான் ஊறல்.

இப்போது 10,000 லிட்டர் ஊறல் இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஆல்கஹால் 800 லிட்டர். இதைச் செம்பு வாலை என்னும் வடிகலத்தில் ஊற்றிச் சூடேற்றுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது, ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், நீர் 100-ல் கொதிக்கும், எனவே 78-ல் வைத்தால் ஆல்கஹால் மட்டும் பிரிந்து போய்விடும் என்று. அது தவறு. கலவை கலவையாகத்தான் கொதிக்கும். 8 சதவீத ஊறல் கொதிப்பது 93 டிகிரி வாக்கில், எழும் ஆவியில் இரண்டுமே இருக்கும். ஆனால் விகிதம் மாறியிருக்கும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பவை. ஆல்கஹாலின் கரிம வால் அந்தப் பிடிக்குள் சரியாக அடங்குவதில்லை, அதனால் எளிதில் நழுவிப் பறக்கும். 8 சதவீத ஊறலிலிருந்து எழும் முதல் ஆவியைக் குளிரவைத்தால் 50 சதவீதத்துக்கு அருகில் இருக்கும்.

நேரமாக ஆக ஊறலில் ஆல்கஹால் குறைய, வடிவதும் இளைத்துக்கொண்டே போகும். கடைசியில் 1 சதவீதம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஊறலில் மூன்றில் ஒரு பங்கு, 3,300 லிட்டர், சராசரியாக 24 சதவீதம். அந்த 800 லிட்டர் ஆல்கஹால் கூடவில்லை, அப்படியேதான் இருக்கிறது. போனது நீர். வாலை ஆல்கஹாலை உண்டாக்குவதில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

இதை இரண்டாம் வாலையில் மறுபடி வடிக்கும்போதுதான் கைத்திறன் தேவைப்படுகிறது. வடிவதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். தலைப்பகுதியில் எளிதில் ஆவியாகும் பொருட்கள் வரும், நெயில் பாலிஷ் நெடி அடிக்கும். அது முடிந்ததா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. கொஞ்சம் எடுத்து நீர் விட்டால் பால் போலக் கலங்கினால் இன்னும் தலைதான். முந்தைய வடிப்பின் கடைசியில் குழாயில் ஒட்டிய எண்ணெய்ப் பொருட்கள் கழுவிக்கொண்டு வருவதால் அந்தக் கலங்கல். கலங்காமல் தெளிந்து நின்றால் நடுப்பகுதி தொடங்கிவிட்டது. 75 சதவீதத்தில் தொடங்கி 60 சொச்சத்துக்கு இறங்கும்வரை அதைத் தனியே சேர்ப்பார்கள். பிறகு வருவது வால். ஈரக் கோணி வாடையும் பாலாடைக்கட்டி வாடையும் ஏறும். தலையையும் வாலையும் அடுத்த வடிப்பில் சேர்த்துவிடுவதால் வீணாவது குறைவு. நடுப்பகுதி சுமார் 70 சதவீதம், நம் 10,000 லிட்டருக்கு 1,100 லிட்டர் தேறும்.

தலையை வெட்டிவிட்டால் மெத்தனால் விஷம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை நம்பக் கூடாது. நீர் நிறைந்த கலவையில் மெத்தனால் தலையில் மட்டும் வந்து முடிவதில்லை, வடிப்பு முழுக்கப் பரவியே வரும். தானிய ஊறலில் அது முதலிலேயே மிகக் குறைவு, ஏனென்றால் அது பழத்தோலிலுள்ள பெக்டினிலிருந்து வருவது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது வாலையில் நடந்த பிழை அல்ல, சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். கண்ணுக்கும் மூக்கிற்கும் மெத்தனாலும் குடிக்கும் ஆல்கஹாலும் ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னும் மேலே போகலாமா? திரும்பத் திரும்ப வடிக்கலாம். அல்லது 1830-ல் ஏனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற கோபுர வாலை மாதிரி, ஒரே கோபுரத்துக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி, ஒவ்வொரு தட்டிலும் ஒரு சிறு வடிப்பு நடக்கச் செய்யலாம். நம் நாட்டு ஆலைகளில் கரும்புச் சர்க்கரைப் பாகின் கழிவான மொலாசஸை நொதிக்கவைத்து இப்படித்தான் 96 சதவீதச் சாராயம் எடுக்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்தபின் அது கரும்பா தானியமா என்று நாக்கால் சொல்வது கடினம். மணம் தரும் பொருட்கள் எல்லாம் தட்டுகளில் தங்கிவிட்டன. ஆனால் 97 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அந்த இடத்தில் திரவத்தின் விகிதமும் ஆவியின் விகிதமும் ஒன்றாகிவிடும். ஆயிரம் தட்டு வைத்தாலும் வடிப்பதில் பலனில்லை.

ஆக 42.8-ஐ வாலையும் தீர்மானிப்பதில்லை, ஈஸ்ட்டும் தீர்மானிப்பதில்லை. அது பழைய பிரிட்டிஷ் வரிக் கணக்கின் மிச்சம். வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துக் கொளுத்தினால் பற்றுகிறதா என்று பார்த்து வரி போட்டதாகச் சொல்வார்கள். பின்னாளில் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவைமானி வந்து, அந்தத் தர அளவு 57.1 சதவீதம் என்று நிலைத்தது. அதை 100 டிகிரி புரூஃப் என்றார்கள். அதில் முக்கால் பங்கு, 75 டிகிரி, கணக்குப் போட்டால் 42.8.

அந்த அளவுக்கு இறக்க நீர்தான் கலக்க வேண்டும். 96 சதவீதச் சாராயம் ஒரு லிட்டர் இருந்தால் 2.24 லிட்டர் சரக்கு வரும். அப்படியானால் சேர்க்க வேண்டிய நீர் 1.24 லிட்டர் என்று தோன்றும். சேர்த்துப் பார்த்தால் மிதவைமானி கூடுதலாகவே காட்டும். சரியான அளவு 1.31 லிட்டர். ஆல்கஹாலும் நீரும் கலக்கும்போது மூலக்கூறுகள் நெருங்கி உட்கார்ந்துகொள்வதால், 70 மில்லி இடம் எங்கோ மாயமாகிவிடுகிறது, கலவையும் சூடாகிறது. அதனால்தான் ஆலையில் கலந்த உடனே அளப்பதில்லை, ஆறவிட்டே அளப்பார்கள்.