நாக்கோரப் புண்ணுக்கு எத்தனை நாள் தவணை?

கீழுதட்டை மடித்துப் பார்த்தால் உட்பக்கத்தில் மிளகு அளவில் ஒரு குழி. நடுவில் வெளிர்மஞ்சள் படலம், சுற்றிலும் மை வைத்து வரைந்தாற்போல் ஒரு சிவப்பு வளையம். ரசம் பட்டால் உயிர் போகும். இதுதான் சாதாரண வாய்ப்புண். மருத்துவர்கள் ஆப்தஸ் அல்சர் என்பார்கள். மஞ்சளைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டுகிறவர்கள் உண்டு. அது சீழ் இல்லை. மேல்தோல் போன இடத்தை மூட ரத்தத்திலிருந்து கசிந்து உறைந்த ஃபைப்ரின் என்ற புரதம். சுரண்டினால் புண் மறுபடி முதல் நாளுக்குப் போகும்.

கிருமி தொற்றி இந்தப் புண் வருவதில்லை. அதனால் முத்தத்திலோ எச்சில் தம்ளரிலோ பரவாது. நம்முடைய நோய் எதிர்ப்பு அணுக்களே வாயின் உள்தோலில் ஒரு சிறு வட்டத்தைத் தாக்கி அழிக்கின்றன. வருவதற்கு ஒரு நாள் முன்பே அந்த இடம் சுருக்கென்று எரியும். பிறகு புண் திறந்து மூன்று நான்கு நாள் பெரிதாகும். முதலில் வலி விடும், பிறகு வளையம் மங்கும், 7 முதல் 14 நாளில் தழும்பில்லாமல் மூடிவிடும். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய பெரிய வகையும் உண்டு. அது ஆற வாரக்கணக்காகும், தழும்பும் விடும்.

இடமும் ஒரு அடையாளம். உதட்டின் உட்பக்கம், உள்கன்னம், நாக்கின் அடியும் ஓரமும் என்று, மெல்லிசாக அசைந்துகொடுக்கும் தோலில்தான் இது வரும். எலும்போடு ஒட்டிய ஈறிலும் மேலண்ணத்தின் முன்பகுதியிலும் வருவது அபூர்வம். அங்கே சின்னச் சின்னக் கொப்புளம் கூட்டமாக வந்து உடைந்தால் ஹெர்பிஸ் வைரஸை நினைக்க வேண்டும்.

அடிக்கடி வருகிறவர்கள் வயிற்றில் புண் இருப்பதால்தான் வாயில் வருகிறது என்பார்கள். இரைப்பைப் புண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பார்க்க வேண்டியது ரத்தம்: ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட். இவற்றில் ஒன்று குறைந்திருந்து அதை ஈடுகட்டினால் பலருக்குப் புண் வருவது குறையும். சிலருக்கு, நுரை தரும் சோடியம் லாரைல் சல்ஃபேட் கலந்த பற்பசையை மாற்றினாலே போதும். வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, பிறப்புறுப்பில் புண், கண் சிவப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் காரணம் வாய்க்கு வெளியே இருக்கலாம். பொதுநல மருத்துவர் பார்க்க வேண்டும்.

வலிக்கு 0.1 சதவீத டிரையாம்சினோலோன் பசை நல்லது. ஆனால் பலர் அதைத் தப்பாகப் போடுகிறார்கள். பஞ்சாலோ துணியாலோ புண்ணை ஒற்றிக் காயவைத்து, கடுகளவு எடுத்து, தேய்க்காமல் மேலே வைத்து அழுத்த வேண்டும். தேய்த்தால் மணல்போல் உதிர்ந்துவிடும். படுக்கப் போகும்போது வைப்பது உத்தமம். எரியத் தொடங்கிய அன்றே போட்டால்தான் பலன். ஐந்தாம் நாள் போட்டால் தானாக ஆறியதற்கு மருந்து பேர் வாங்கிக்கொள்ளும்.

மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் பேர் வாங்கியது அப்படித்தான். எதைச் சாப்பிட்டாலும் பத்து நாளில் ஆறுகிற புண்ணுக்கு எல்லாமே மருந்தாகத் தெரியும். கீரையால் கெடுதல் இல்லை. ஆறாத புண்ணுக்கும் அதே நம்பிக்கையில் ஒவ்வொன்றாகப் போட்டு மூன்று மாதம் கடத்துவதில்தான் கெடுதல்.

ஓர் உதாரணம். வெற்றிலை பாக்கும் புகையிலையும் போடும் 54 வயதுக்காரர் ஒருவருக்கு இடப்பக்க நாக்கோரத்தில் புண் என்று வைத்துக்கொள்வோம். எதிரே கீழ்க்கடைவாய்ப் பல் உடைந்து கூராக நிற்கிறது. பல் குத்தித்தான் புண் என்று அவரும் சொல்வார், பார்க்கிறவரும் சொல்லலாம். அது சரியாகவும் இருக்கலாம். சரிதானா என்று சோதிக்க வழி உண்டு. பல்லை அன்றைக்கே ராவி மழுக்கி, புண்ணை அளந்து (8 மில்லிமீட்டர்), பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்ல வேண்டும். குத்திய பல்தான் காரணம் என்றால் அதற்குள் புண் மூடியிருக்கும், அல்லது கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியிருக்கும்.

பதினான்காம் நாள் அளந்தால் 9 மில்லிமீட்டர். வலி குறைந்திருக்கிறது என்று அவர் சந்தோஷமாகச் சொல்கிறார். இங்கேதான் ஏமாறுவோம். சாதாரணப் புண் வலிக்கும். புற்றுநோய்ப் புண் ஆரம்பத்தில் அவ்வளவாக வலிக்காது. இப்போது கண்ணைவிட விரல்தான் பேசும். கையுறை போட்டு, நாக்கை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துப் பார்க்க வேண்டும். ஆப்தஸ் புண்ணின் அடி காதின் கீழ்மடல்போல் மெத்தென்று இருக்கும். இவருக்கு மூக்கு நுனிபோல் கெட்டியாக இருக்கிறது, விளிம்பும் தடித்து எழும்பியிருக்கிறது. தாடைக்கடியில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். நெறி இல்லாவிட்டாலும், புண்ணில் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்சியைத் தள்ளிப்போடக் கூடாது.

மூன்று வாரம் தாண்டியும் ஒரே இடத்தில் நிற்கிற ஒற்றைப் புண், அடி கெட்டியான புண், சிவப்பு அல்லது வெள்ளைத் திட்டின் மேல் எழுந்த புண், புகையிலையை அடக்கிவைக்கும் கன்னப் பகுதியில் வந்த புண், பல் பிடுங்கிய குழியில் ஆறாமல் சதை வளரும் புண்: இவற்றுக்கெல்லாம் பயாப்சி வேண்டும். அடி கெட்டியாகவோ நெறியோடோ இருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. வருஷக்கணக்காக இடம் மாறி மாறி வந்து, ஒவ்வொன்றும் முழுதாக ஆறிப்போகிற புண்ணுக்கு பயாப்சி வேண்டாம். எடுத்தாலும் ஆப்தஸ் என்று முத்திரை குத்துகிற அடையாளம் எதுவும் நுண்ணோக்கியில் தெரியாது. பயாப்சி எடுப்பது வேறு நோய் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான்.

எடுப்பது சின்ன வேலை. லிக்னோகெயின் ஊசியைப் புண்ணுக்குள் போடாமல் சுற்றிப் போட்டு மரக்கவைப்பார்கள். உள்ளே போட்டால் திசு உப்பிப் பார்க்க முடியாமல் போகும். நடுக்குழியில் எடுக்கக் கூடாது, அங்கே இருப்பது செத்த திசு. விளிம்பில், கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து, சுமார் 5 மில்லிமீட்டர் நீளமும் 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழமுமாக எடுப்பார்கள். இடுக்கியால் நசுக்காமல் ஃபார்மலினில் போட வேண்டும். ஃபார்மலின் துண்டைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். உப்புநீரில் போட்டு அனுப்பினால் வழியிலேயே அழுகிவிடும். ஒன்றிரண்டு தையல், அரைமணி நேரம் பஞ்சை அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

வாயில் பல இடத்தில் தோல் உரிந்து ஆறாமல் இருந்தால் உடலின் எதிர்ப்புப் புரதமே தோலைப் பிரிக்கும் பெம்ஃபிகஸ் போன்ற நோயை நினைத்து, அந்தப் புரதத்தைத் தேடும் சோதனைக்கு இன்னொரு துண்டும் எடுப்பார்கள். அது புண்ணுக்குப் பக்கத்து நல்ல தோலிலிருந்து. ஃபார்மலினில் போடாமல் மிஷெல் திரவத்தில் அனுப்ப வேண்டும். குப்பியை மாற்றிப்போட்டால் அந்தச் சோதனையே வீண்.

நம் 54 வயதுக்காரருக்கு ஒரு வாரத்தில் அறிக்கை வருகிறது: குறிப்பிட்ட நோய்க்கான அடையாளமில்லாத புண், புற்றுநோய் தென்படவில்லை. குடும்பம் சாமிக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்புகிறது. ஆனால் அதே தாளில் துண்டின் அளவு 2 மில்லிமீட்டர், அடித்திசு இல்லை என்றும் எழுதியிருக்கிறது. விரலுக்குக் கெட்டியாகத் தெரிவது அடியில். கத்தி அங்கே போகவே இல்லை. புண் இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த வாரமே, வேறொரு விளிம்பில், இன்னும் ஆழமாக இரண்டாவது துண்டு எடுக்க வேண்டும்.